மாலை விளக்கில் மேடை: குடும்பத்துக்குக் காட்டும் படத்தைத் தயாரிப்பது

திருப்பூரில் மேடை அலங்காரப் படத்தைக் குடும்பத்துக்குக் காட்ட உட்காரும்போது, எதிரே இருப்பவர்களில் ஒருவராவது நிறத்தைச் சாம்பிள் பார்த்து ஒப்புக்கொள்வதையே தொழிலாகச் செய்தவராக இருப்பார். பையர் அனுப்பிய ஷேடுக்கு டையிங்கில் லேப் டிப் போட்டு வாங்கி, அதை லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கிலும், கடை வெளிச்சத்துக்கு ஈடான டிஎல்84 விளக்கிலும், குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் பல்க் சாயத்துக்குச் சரி சொல்லியிருப்பார். கணினியில் செய்த மேடைப் படத்தை அவர் முன்னால் வைத்ததும் வரும் முதல் கேள்வி, "ஷேடு இதே மாதிரியே வருமுங்களா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கண்ணைப் பார்த்து 'வரும்' என்று சொல்லத்தக்க படத்தை எப்படிச் செய்வது என்பதே இந்த அத்தியாயம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலை வரவேற்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிறம் அதிகம் ஏமாற்றுவது அப்போதுதான்.

ஒரு வேலையை முழுதாகப் பார்த்தால் விளங்கும். அவிநாசி ரோட்டில் நடுத்தர அளவு மண்டபம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மேடை 40 அடி அகலம், 20 அடி ஆழம். பெண்ணுக்கு அரக்குப் பட்டு, பையனுக்கு வெள்ளை வேட்டி சட்டை. பெண் தன் போனில் ஒரு படம் வைத்திருக்கிறாள்: வெள்ளைப் பூச் சுவர், மேடை முழுக்க லாவண்டர் வெளிச்சம். பெண்ணின் ஆத்தாவுக்கோ மஞ்சள் செண்டுமல்லி இல்லாத மேடை கல்யாண மேடையாகவே தெரியாது. இரண்டு பேர் ஆசையும் நியாயமானது. இரண்டையும் ஒரே மேடையில் வைக்க முடியுமா என்பதற்குப் படம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மண்டபத்தை இரவில் அளப்பது

அளவெடுக்கப் பெரும்பாலானோர் மண்டபம் காலியாக இருக்கும் மத்தியானத்தில் போகிறார்கள். நீளம் அகலத்துக்கு அது போதும். வெளிச்சத்துக்கு மாலை ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போயே ஆக வேண்டும். ஐப்பசியில் ஆறு மணிக்கு முன்பின் பொழுது சாய்ந்துவிடும். வைகாசியில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். மேற்குப் பக்கம் கண்ணாடி ஜன்னல் உள்ள மண்டபமானால், வைகாசி வரவேற்பின் முதல் அரை மணி நேரம் உங்கள் வண்ண விளக்கு எதுவும் எடுபடாது. கல்யாண மாதத்தைப் பார்த்து, திரை போட வேண்டிய ஜன்னல்களை அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

இரவில் பார்க்க வேண்டியது மண்டபத்தின் சொந்த விளக்குகளை. மேடைக்கு மேலே இருக்கும் வெள்ளை விளக்குகளைத் தனியாக அணைக்க முடியுமா, அல்லது ஒரே சுவிட்சில் பாதி ஹாலும் அணைகிறதா? தனியாக அணைக்க முடியாவிட்டால், அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தையும் சேர்த்தே படம் செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு இருட்டு ஹாலில் மேடை மட்டும் ஜொலிப்பதாகக் காட்டினால், அப்படியொரு காட்சி கல்யாணத்தன்று ஒரு நிமிடம்கூட இருக்காது. சாப்பாட்டுக்குப் போகிறவர்களும் மொய் எழுதுகிறவர்களும் நடமாடும் இடத்தில் யாரும் விளக்கை அணைக்க விடமாட்டார்கள்.

உயரம் அளக்கும்போது மேடைத் தரையிலிருந்து மேல்தளம் வரை அளக்காமல், நடுவில் குறுக்கே வரும் பீம் அல்லது ஏசி டக்ட்டின் அடிப்பாகம் வரை அளவெடுங்கள். தளம் 16 அடியில் இருந்தாலும் டக்ட் 12 அடியில் ஓடினால் உங்கள் மேடையின் உயரம் 12 அடிதான். கதவகலமும் லிஃப்ட் அளவும் வேண்டும். எட்டுக்கு நாலடிப் பலகை மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாத மண்டபங்கள் உண்டு. வெளியேறும் வழிகள் எல்லாவற்றையும் கதவோடு சேர்த்து வரைபடத்தில் குறியுங்கள். இதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கேமராவை எங்கே வைப்பது

ஸ்கெட்சப்போ வேறு மென்பொருளோ, எதில் செய்தாலும் படத்தின் உண்மை கேமராவை வைக்கும் இடத்தில்தான் இருக்கிறது. மென்பொருளில் அகலப் பார்வை வைத்தால் 40 அடி மேடை 60 அடி மேடைபோலப் பரந்து தெரியும். குடும்பம் மயங்கும், கல்யாணத்தன்று 'மேடை சின்னதாப் போச்சே' என்று முகம் வாடும். முழுச்சட்டக் கேமராவின் 35 முதல் 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஈடான பார்வையை வையுங்கள். உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறத்தாழ நாலடி உயரத்தில் இருக்கும். நாலாவது வரிசை நாற்காலியிலிருந்து ஒரு படம், ஹாலின் பின்பக்கத்திலிருந்து ஒரு படம், மேடையேறி மணமக்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் ஒரு படம் ஆக மூன்று போதும். ட்ரோன் போல மேலிருந்து எடுத்த காட்சி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் எந்த விருந்தாளியும் நிற்கப் போவதில்லை.

படத்துக்குள் ஆட்களை நிறுத்துங்கள். மணமக்கள் இரண்டு பேர் மட்டும் போதாது. நம் ஊரில் பங்காளிகளும் மாமன் மச்சான் வீடும் சேர்ந்து ஏறினால் ஒரே போட்டோவுக்கு இருபது பேர் நிற்பார்கள். அவர்களை நிறுத்திப் பார்த்தால்தான் மணமக்களுக்குப் பின்னால் இருக்கும் பூவில் எவ்வளவு தெரியும், எவ்வளவு மறையும் என்பது புரியும். இடுப்பளவுக்குக் கீழே நெருக்கமாக வைத்த பூ முழுக்க மறைந்துபோகும். அதைத் தலைக்கு மேலே ஏற்றலாம், அல்லது மேடையின் முன் விளிம்புக்குக் கொண்டுவரலாம்.

படத்தில் ஒரு கிளிக், மண்டபத்தில் மூவாயிரம் பூ

கணினியில் பூச் சுவரை நிரப்பக் காசு செலவில்லை. படத்தில் வைத்த பூவையெல்லாம் எண்ணிக்கையாக மாற்றிப் பார்த்துவிட்டே குடும்பத்துக்குக் காட்ட வேண்டும். நம் உதாரணத்தில் நடுச்சுவர் 12 அடி அகலம், 10 அடி உயரம், அதாவது 120 சதுர அடி. விரிந்த கார்னேஷன் ஒன்று இரண்டரை அங்குலம் இருந்தால், துணி தெரியாமல் அடைக்க ஒரு சதுர அடிக்கு இருபத்தைந்து வேண்டும். மொத்தம் 3,000 பூ, இருபது பூக் கட்டாக 150 கட்டு. ஜெர்பரா நாலங்குலம் விரியும் என்பதால் சதுர அடிக்கு பத்துப் பன்னிரண்டு போதும், ஆனால் அதன் தலை கனம், தண்ணீர் குறைந்தால் கழுத்து மடங்கும். இந்தக் கணக்கைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிட்டால், விலை பேசும் நேரத்தில் 'படத்தில இருந்த பூ எங்கீங்க?' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

எந்தப் பூ என்பதோடு, அது எந்த மணிக்கு எப்படி இருக்கும் என்பதையும் படம் காட்ட வேண்டும். மல்லிகை காலையில் மொட்டாகப் பறிக்கப்படுகிறது, அன்று மாலை பொழுது சாய்ந்ததும் விரிகிறது. படத்தில் முத்து முத்தாக மொட்டுச் சரம் தொங்கவிட்டால் நாலு மணிக்கு அது பொருந்தும். எட்டு மணிக்கு சரம் விரிந்து தடித்திருக்கும், மணமும் நிறைந்திருக்கும். அடுத்த நாள் காலை முகூர்த்தத்துக்கு அதே சரம் துவண்டு பழுத்துப் போயிருக்கும். சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து மல்லிகையும் சம்பங்கியும் வருவது நமக்கு வசதி, தூரம் குறைவு. கார்னேஷன் நீலகிரியிலிருந்தும் ரோஜாவும் ஜெர்பராவும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் வர வேண்டும். முகூர்த்த நாள்களில் எல்லா ஊரும் ஒரே பூவுக்குக் கை நீட்டும். அதனால் ஒவ்வொரு பூவுக்கும் மாற்றாக எது வரும் என்பதைப் படம் காட்டும் நாளிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளைக் கார்னேஷன் கிடைக்காவிட்டால் வெள்ளைச் செவ்வந்தி என்று ஒப்புக்கொண்டால், அதை வைத்தும் ஒரு படம் காட்ட வேண்டும். செவ்வந்தியின் நடுவில் மஞ்சள் சாயை உண்டு, சுவர் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தெரியும்.

செலவைக் குறைக்க உயரத்தில் செயற்கைப் பூவும், கை எட்டும் இடத்தில் நிஜப் பூவும் வைப்பது எல்லோரும் செய்வதுதான். ஆத்தா படத்தைப் பார்த்து, "கண்ணு, இத்தனையும் நெசப் பூவா?" என்று கேட்பதற்கு முன்பே, எது எங்கே செயற்கை என்று படத்தில் நிறம் தீட்டிக் காட்டிவிடுங்கள். இதில் விளக்கு சம்பந்தப்பட்ட ஒரு சிக்கலும் இருக்கிறது. லைட் பாக்ஸில் யுவி விளக்கைப் போட்டதும் ஆப்டிகல் ஒயிட் போட்ட பனியன் துணி நீலமாகப் பளிச்சிடுவதைத் திருப்பூரில் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். வெள்ளைச் செயற்கைப் பூவிலும் நெட் துணியிலும் வெளுப்பேற்றும் அதே வகை ரசாயனம் இருந்தால், ஊதா விளக்கு அதிகமாக விழும்போது அவையும் நீலமாகப் பளிச்சிடும். பக்கத்தில் இருக்கும் நிஜச் சம்பங்கி அப்படிப் பளிச்சிடாது. பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு வெள்ளையும் இரவில் இரண்டாகப் பிரிந்துவிடும். பையனின் வேட்டி சட்டையும் இதே காரணத்தால் முகத்தைவிடப் பிரகாசமாகிவிடும். கணினிப் படம் இதைக் காட்டவே காட்டாது. அதற்கு எல்லா வெள்ளையும் ஒரே வெள்ளைதான்.

லாவண்டரும் மஞ்சளும்

இனி அந்தக் குடும்பத்தின் கேள்விக்கு வருவோம். மேடைக்குப் போடும் எல்இடி பார் விளக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று குறுகிய நிறங்களைக் கலந்துதான் வண்ணம் காட்டுகிறது. லாவண்டர் என்றால் நீலம் நிறைய, சிவப்பு ஓரளவு, பச்சை கொஞ்சம். செண்டுமல்லி நீலத்தைத் திருப்பி அனுப்பாது, சிவப்பையும் பச்சையையும்தான் அனுப்பும். அதனால் லாவண்டர் வெளிச்சத்தில் மஞ்சள் செண்டுமல்லி மங்கிச் சிவந்து, காய்ந்த பூ மாதிரி ஆகிவிடும். இலைகள் கறுத்துப்போகும். அரக்குப் பட்டு அநேகமாகக் கறுப்பாகவே தெரியும். வெள்ளைப் பூ மட்டும் விழுந்த வெளிச்சத்தை அப்படியே ஏற்று அழகாக லாவண்டராக மாறும். பெண் வைத்திருந்த படத்தில் மேடை முழுக்க வெள்ளைப் பூவாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே இந்த மேடைக்கு முடிவு இப்படி அமையும். லாவண்டர் வெளிச்சம் பின்னால் இருக்கும் துணியிலும் வெள்ளைப் பூச் சுவரிலும் மட்டும் விழும். மணமக்கள் நிற்கும் இடத்தை அந்தச் சுவரிலிருந்து குறைந்தது ஆறடி முன்னால் தள்ளுவோம், வண்ணம் அவர்கள் மேல் சிந்தாது. 20 அடி ஆழ மேடையில் அதற்கு இடமிருக்கிறது. 12 அடி ஆழம்தான் என்றால் இந்த யோசனையையே கைவிட்டு, மேடை முழுக்க வெதுவெதுப்பான வெள்ளை வெளிச்சத்துக்குப் போவதே நல்லது. ஆத்தாவின் செண்டுமல்லி மேடையின் முன் விளிம்புக்கும் நுழைவு வளைவுக்கும் வருகிறது. அங்கே விழுவது வெள்ளை வெளிச்சம் மட்டும், மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

முன்வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஸ்டாண்டில் உயர்த்தி, சாய்வாக மணமக்கள் முகத்தில் விழ வேண்டும். மூன்று நிறத்தைக் கலந்து எடுத்த வெள்ளையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்ட பகுதி குறைவாக இருப்பதால் முகம் வெளிறும், ஜரிகை உயிரிழக்கும். தனி வெள்ளை விளக்கு, 3,200 கெல்வின் அளவு வெதுவெதுப்பு, நிறத்தைக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் என்று விளக்குக்காரரிடம் எழுதிக் கேளுங்கள். வீடியோ எடுப்பவரிடமும் இதே கெல்வின் எண்ணைச் சொல்லிவிடுங்கள், கேமராவை அதற்கேற்ப வைப்பார். மலிவான விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுவது அதனால்தான். போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து அந்த விளக்கைப் பிடித்துப் பார்த்தால் துடிப்பு அப்போதே தெரிந்துவிடும்.

துணியையும் பூவையும் கையில் கொடுப்பது

இவ்வளவும் செய்த பிறகும் திரையில் தெரியும் நிறத்தை யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. நீங்கள் அனுப்பும் படம் அப்பாவின் போனில் ஒரு மாதிரி, பெண்ணின் போனில் இன்னொரு மாதிரி தெரியும். வாட்ஸ்அப் வழியாகப் போகும்போது சுருங்கவும் செய்யும். அதனால் படம் இடத்தையும் அளவையும் அமைப்பையும் முடிவுசெய்யட்டும், நிறத்தைக் கைச்சாம்பிள் முடிவுசெய்யட்டும். பின்திரைத் துணியில் ஒரு சாண், நெட் துணியில் ஒரு சாண், செயற்கைப் பூவில் ஒன்று, ஒவ்வொரு நிஜப் பூவிலும் ஒரு கை, ஓர் இலை, பெண்ணின் புடவையோடு வந்த ரவிக்கைத் துணி, பையனின் வேட்டி. இவ்வளவையும் மேசையில் வைத்து, இருட்டிய அறையில், கல்யாணத்துக்கு வரப்போகும் அதே பார் விளக்கில் ஒன்றையும் அதே வெள்ளை விளக்கில் ஒன்றையும் போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். லாவண்டரில் ரவிக்கைத் துணி கறுப்பதைப் பெண்ணே பார்த்துவிட்டால், வண்ணம் ஏன் பின்னால் மட்டும் என்று நீங்கள் விளக்கவே வேண்டாம்.

அப்பா தன் கம்பெனி லைட் பாக்ஸில் பார்க்கலாமே என்று சொன்னால், பின்திரைத் துணியும் புடவையும் சேருகிறதா என்று பார்க்க அது நல்ல இடம். டி65இல் ஒன்றாகத் தெரியும் இரண்டு அரக்கு குண்டு பல்பு வெளிச்சத்தில் பிரிந்தால், வெதுவெதுப்பான மேடை வெளிச்சத்திலும் அவை பிரியக்கூடும், வேறு துணி தேட வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியில் லாவண்டர் எல்இடி கிடையாது. அங்கே தேறிய துணியையும் மேடை விளக்கில் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒப்புக்கொண்ட துண்டுகளை அட்டையில் ஒட்டி, தேதி போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சீல் சாம்பிள் என்றால் என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படத்தில் மறைந்துபோகும் கதவுகள்

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நடந்த தீ விபத்தில் மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடியோ விளக்குக்குப் போன மின்சாரத்திலிருந்து கீற்றுப் பந்தலில் பற்றிய தீ அது. இன்றைய எல்இடி விளக்குகள் அன்றைய ஹாலஜன் போலக் கொதிப்பதில்லை. ஆனாலும் ஒயர் ஜாயிண்டும், அடாப்டரும், நெட் துணிக்குள் சுற்றிய சீரியல் லைட்டும், காய்ந்த ஓலைத் தோரணமும் இன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அலங்காரப் படத்தில் ஒயரும் இருக்காது, கதவும் இருக்காது. பக்கவாட்டுக் கதவுக்குக் குறுக்கே பூச் சுவர் அழகாக நிற்கும். முன்பே கதவுகளைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். அலங்காரத்தைப் போட்ட பிறகும் எல்லாக் கதவும் படத்தில் தெரிய வேண்டும், திறக்கும் தூரம் காலியாக இருக்க வேண்டும். ஒயர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்பதை ஒரு தனித் தாளில் கோடு போட்டுக் காட்டுங்கள். மேடைக்கு ஏறும் படியின் குறுக்கே அது வரக் கூடாது.

மின்சாரக் கணக்கையும் அதே தாளில் எழுதலாம். 150 வாட் பார் விளக்கு 24 என்றால் 3.6 கிலோவாட், 200 வாட் வெள்ளை விளக்கு எட்டு என்றால் 1.6, ஆக 5.2 கிலோவாட். எல்இடி திரை வந்தால் அது தனிக் கணக்கு. மண்டப ஏசியின் லைனில் இதைத் தொங்கவிடாமல் தனி இணைப்பு கேளுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில் விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவி அணைந்து எழும். அப்போது பார் விளக்குகள் தாமாகவே பச்சை, சிவப்பு என்று மாறி மாறி ஓடத் தொடங்குவது அடிக்கடி நடக்கும். கடைசியாக இருந்த நிறத்திலேயே நிற்கும்படி ஒவ்வொரு விளக்கிலும் முன்பே அமைத்துவைத்து, ஒருமுறை மெயினை அணைத்துப் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, முகூர்த்தக் காலைக்குத் தனிப் படம் வேண்டும். வரவேற்பு முடிந்து கூட்டம் கலைய இரவு பத்தரை ஆகிவிடும், காலை ஐந்து மணி வாக்கில் மணவறை தயாராக நிற்க வேண்டும். இடையில் இருக்கும் நேரத்தில் எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து முடிவுசெய்யுங்கள். சட்டமும் பின்திரையும் இருக்கட்டும். லாவண்டர் அணையட்டும். மல்லிகைச் சரமும் முன் விளிம்புச் செண்டுமல்லியும் புதிதாக வரட்டும். முகூர்த்தம் ஆறு மணிக்கு முன் என்றால் முழுக்க விளக்கு வெளிச்சம். ஏழரை மணி என்றால் கிழக்கு ஜன்னல் வழியாக வெயிலும் சேர்ந்து வரும், மேற்கு ஜன்னலுக்கு நேற்றுப் போட்ட திரை அப்போது பயன்படாது. பத்திரிகையில் அச்சாகும் முகூர்த்த நேரத்தைக் கேட்டு வாங்கி, அந்த மணிக்குரிய வெயிலை வைத்தே இரண்டாவது படத்தைச் செய்யுங்கள்.